தேர்வாளராக அமர்பவர் செய்யும் தவறுகள்

உரிமையியல் நீதிபதி நேர்முகத் தேர்வுக்காக எங்கள் சேம்பரில் நான்கு ஜூனியர்கள் மாலையில் கூடுகிறார்கள். முறைவைத்து ஒருவர் தேர்வாளராக அமர்ந்து, கற்பனை வழக்குகளை வாய்மொழியாகக் கேட்பார். சென்ற வாரம் ஓரமாக அமர்ந்து கேட்டேன். இதே தேர்வுக்குப் பயிற்சி செய்தபோது நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள்.

பதிலை எடுத்துக்கொடுப்பது

கேள்வி நல்ல கேள்வி. ஒருவர் பைக்கைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். கூலி 3,500 ரூபாய் பாக்கி. இரவில் மாற்றுச் சாவியால் பைக்கை எடுத்துப்போய்விட்டார். என்ன குற்றம்?

"அவருடைய வண்டிதானே, குற்றமில்லை" என்றார் ஒருவர்.

தேர்வாளர் உடனே, "கூலி பாக்கி இருக்கிறதே, மெக்கானிக்குக்கு உரிமை எதுவும் இல்லையா?" என்றார்.

"ஆமாம், வண்டியைப் பிடித்துவைக்கலாம். அப்படியானால் திருட்டு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பதிலைச் சொன்னது தேர்வாளர். மற்றவர் அதை வழிமொழிந்தார், அவ்வளவுதான்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, பொருள் யாருடைய சுவாதீனத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கிறதே தவிர, யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. கூலி வரும்வரை வண்டியை வைத்திருக்க மெக்கானிக்குக்கு உரிமை உண்டு. அந்தப் பிடிமானத்தை நேர்மையின்றிப் பறித்தால் சொந்தப் பொருளையும் திருட முடியும். கூலியைக் கட்டிய பிறகும் மெக்கானிக் தராமல் இழுத்தடித்து, உரிமையாளர் எடுத்துப்போயிருந்தால் நேர்மையற்ற எண்ணம் இல்லை, திருட்டும் இல்லை. வழக்கு முழுவதும் இந்த ஒரே முடிச்சில் நிற்கிறது. அதைத் தேர்வாளர் அவிழ்த்துக் கொடுத்துவிட்டால் பயிற்சி எதற்கு?

என் நண்பர்களும் எனக்கு இப்படித்தான் உதவினார்கள். உண்மையான தேர்வில் என் முதல் பதிலுக்கு எதிரே இருந்தவர் "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அடுத்த துப்பு வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. அந்த ஆண்டு எனக்குப் போயிற்று.

ஆகவே தேர்வாளர் கேள்வி, பதில், வழக்கைத் திருப்பும் உண்மை மூன்றையும் முதலிலேயே ஓர் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அமர்ந்த பின் அவர் பேசக்கூடியவை இரண்டுதான்: "ஏன்?", "கூலியைக் கட்டியிருந்தால்?" இரண்டாவதை, முதல் பதிலுக்குக் காரணம் முழுதாக வந்த பிறகே கேட்க வேண்டும். பதிலை மூன்றாமவர் சொன்ன சொல் மாறாமல் எழுதட்டும். யார் எதைச் சொன்னார் என்பது அதில் தெரிந்துவிடும்.

குற்றத்தின் பெயரைக் கேள்வியிலேயே சொல்வது

"இது திருட்டா?" என்று கேட்டால் பாதி பதில் போய்விட்டது.

சொல்லாமல் உண்மைகளை மாற்றுவது

மாற்றுவதானால் "மாற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

நேற்று, பைக் கேள்விக்குப் பதில் சொன்ன அதே ஜூனியரிடம் நகை அடகு பற்றிய வழக்கு ஒன்று வந்தது. "ஏன்?" என்றதும் அரை நிமிடத்திற்கு மேல் அமைதி. யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவரே, "நகை அப்போது யாருடைய சுவாதீனத்தில் இருந்தது?" என்று தொடங்கினார்.