குறிப்பெடுப்பவருக்குப் பணம் யார் தருவது?

எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. ஹியரிங் எய்டு போட்டாலும் பெரிய வகுப்பறையில் பாதிப் பேச்சு தப்பிவிடும். இங்கிலாந்தில் முதுகலை படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. வகுப்பில் கூடவே உட்கார்ந்து பாடத்தை எழுதித் தரும் குறிப்பெடுப்பவர் உண்டு என்று இரண்டின் இணையதளத்திலும் இருந்தது. அதை நம்பிப் பணம் கட்டப் போனேன்.

நல்லவேளை, கீழே ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தச் செலவு டிஎஸ்ஏ என்ற அரசு உதவித்தொகையிலிருந்து வருகிறதாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. ஆனால் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தரும் கடமை 2010 சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. அது நமக்கும் பொருந்தும். செலவை மாணவர் தலையில் கட்டவும் கூடாது.

அட்மிஷன் அலுவலகத்தை விட்டுவிட்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவுக்கே எழுதினேன். கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் மட்டும் போதாது என்று, வகுப்பில் எனக்கு என்னென்ன கேட்காது என்பதை இஎன்டி டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதமாக வாங்கி இணைத்தேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் வருவார், பணம் யார் தருவது, முதல் வாரமே தொடங்குமா என்று கேட்டேன்.

ஒன்று, "வந்தபின் பார்க்கலாம்" என்றது. மற்றது, எல்லா விரிவுரைகளுக்கும் தானே பணம் தருவதாக எழுதியது. இரண்டாவதில் சேர்ந்தேன். முதல் விரிவுரைக்கே குறிப்பெடுப்பவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.