மைனர் கணக்குப் படிவம்: பதினெட்டு வயதில் தலைதூக்கும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பல வீடுகளில் அப்பா கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார். பேத்தியை பேங்குக்குக் கூட்டிப்போவது தாத்தாதான். படிவத்தில் கார்டியன் என்று இருக்கும் இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. இந்துச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்கு அடுத்து அம்மா. தாத்தா காப்பாளராக வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அப்பா உயிரோடு இருந்தாலும் அம்மாவைக் காப்பாளராக வைத்துக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஊரில் இருப்பவர் அம்மா என்றால் அவர் பெயரையே எழுதுங்கள். தாத்தா கணக்கில் பணம் கட்டலாம், அதற்குத் தடையில்லை.

அடுத்தது பிறந்த தேதி. பஞ்சாயத்துச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் சேர்க்க வசதியாகச் சொன்ன தேதி இன்னொன்று என்று இருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் நாளை பேங்க் தன் பதிவில் உள்ள தேதியை வைத்துத்தான் கணக்கிடும். அதனால் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தேதி, பெயரின் எழுத்து, இனிஷியல் மூன்றையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கணக்குத் தொடங்கும் முன்பே திருத்திவிடுவது நல்லது. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது பதினெட்டாம் பிறந்தநாள். 2008 ஜூன் 14 அன்று பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2026 ஜூன் 14 தொடங்கும்போதே அவள் சட்டப்படி மேஜர். ஜூன் 20 அன்று கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா பணம் எடுக்கப் போனால், அவருடைய கையெழுத்து செல்லாது. மகளின் கையெழுத்து மாதிரியோ பேங்கில் இல்லை. பணம் மகளுடையதுதான், ஆனாலும் அன்றைக்கு எடுக்க முடியாது. கல்லூரி சேர்க்கை நேரத்தில் இப்படி ஒரு வாரம் நின்றுபோனால் குடும்பம் எவ்வளவு தவிக்கும்!

இதைத் தவிர்க்க, மே மாதமே கிளையில் கேட்டு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்தநாள் முடிந்த முதல் வேலைநாளில் மகளே நேரில் போக வேண்டும். புதிய படிவம், அடையாளச் சான்று, இப்போதைய போட்டோ, கையெழுத்து மாதிரி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கணக்கை அம்மா இயக்கி வந்திருந்தால், அதுவரை உள்ள இருப்பு சரி என்று உறுதிப்படுத்தவும் சொல்வார்கள். நாமினியையும் அன்றே மகளே புதிதாகக் குறித்துக் கொடுக்கலாம்.

சின்ன வயதில் எடுத்த பான் கார்டு இருந்தால் அதில் பிள்ளையின் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு ஆனதும் அதற்குத் தனியாகத் திருத்த விண்ணப்பம் போட்டு, புதிய கார்டு வந்தபின் அதன் நகலையும் கிளையில் கொடுத்துவிடுங்கள்.