ரெஸ்யூமில் மொழித்திறனை உள்ளபடி எழுதுவது எப்படி?

‘தெரிந்த மொழிகள்: தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம், இந்தி.’ ஓசூர்ப் பக்கம் படித்து வளர்ந்த ஒருவர் பெங்களூரில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு இப்படி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரியில் பொய் இல்லை. ஆனால் இவரால் கன்னடத்தில் போன் பேச முடியுமா, தெலுங்கில் வரும் மெயிலைப் படிக்க முடியுமா என்று ஆள் எடுப்பவருக்குத் தெரியவில்லை. அந்த வரியைச் சரிசெய்வோம்.

படி 1: ஒவ்வொரு மொழியையும் நான்காகப் பிரியுங்கள்

ஒரு தாளில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். நம்மவருக்குத் தெலுங்கு வீட்டு மொழி. முதல் இரண்டும் தடையில்லை. படித்தது தமிழ் மீடியம் என்பதால் தெலுங்கு எழுத்தே தெரியாது. கன்னடம் பெங்களூரில் வேலை பார்த்தபோது பேசிப் பழகியது. இந்தி நேர் எதிர். பள்ளி நாட்களில் தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் மத்தியமா வரை தேறியவர். மெதுவாகப் படிப்பார், பேச வராது. ‘தெரியும்’ என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

படி 2: வேலைக்கேற்ற சோதனை வையுங்கள்

மனதில் தோன்றுவதை வைத்து மதிப்பிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் தவறும். பழகிய மொழியில் நம் திறமை கூடுதலாகத் தெரியும். கூச்சப்படும் மொழியில் குறைவாகத் தெரியும். அதனால் அந்த வேலையில் வரக்கூடிய ஒன்றைச் செய்து பாருங்கள். ‘பணம் திரும்ப வர ஏன் தாமதம்?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் கன்னடத்தில் பதில் சொல்வதுபோல மூன்று நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். நாலைந்து இடத்தில் இலக்கணம் தட்டினால் பரவாயில்லை. சொல் கிடைக்காமல் வாக்கியத்தையே பாதியில் விடுகிறீர்களா, தமிழுக்குத் தாவுகிறீர்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எழுதுவதற்கு, அகராதி பார்க்காமல் நூறு சொல்லில் ஒரு புகாருக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

படி 3: நிலையைக் குறியுங்கள்

ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் கீழிருந்து மேலாக A1, A2, B1, B2, C1, C2 என ஆறு நிலைகள். ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு விண்ணப்பித்தால் இந்தக் குறிகளையே எழுதுங்கள். அதிகம் தவறுவது B1, B2 எல்லையில்தான். பழக்கமான விஷயங்களில் தயாரிப்பில்லாமல் பேசி, காரணம் சொல்ல முடிந்தால் B1. அந்த மொழிக்காரரோடு இருவருக்கும் சிரமமில்லாமல் உரையாடி, ஒரு கருத்துக்குச் சாதகமும் பாதகமும் விளக்க முடிந்தால் B2. தேர்வு எழுதாமல் நீங்களே குறித்ததென்றால் பக்கத்தில் ‘சுயமதிப்பீடு’ என்று போடுங்கள்.

உள்ளூர் வேலைக்கு இந்தக் குறிகள் பலருக்குப் புரியாது. என்ன செய்ய முடியும் என்பதை நேராக எழுதுவதே மேல். ‘சரளம்’, ‘ஓரளவு’, ‘நல்ல அறிமுகம்’ மூன்றையும் தவிருங்கள். படிப்பவர் ஒவ்வொருவரும் வேறு அளவு எடுத்துக்கொள்வார்.

படி 4: சான்றிதழுக்கு ஆண்டு போடுங்கள்

தேர்வு எதைச் சோதித்ததோ அதற்கு மட்டுமே அது சான்று. ஜப்பானிய மொழியின் ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் கட்டுரையும் கிடையாது. அதில் N3 நிலை தேறியதை வைத்துப் பேசுவேன் என்று எழுத முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஏற்பதில்லை. பழைய சான்றிதழை மறைக்க வேண்டாம். ஆண்டையும் இன்றைய நிலையையும் சேர்த்து எழுதினால் போதும்.

இனி நம்மவரின் வரிகள் இப்படி இருக்கும்:

தமிழ்: தாய்மொழிக்கு இணை, பள்ளிக் கல்வி முழுவதும் தமிழில்.
தெலுங்கு: வீட்டு மொழி, தடையின்றிப் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது.
கன்னடம்: வாடிக்கையாளரிடம் போனில் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது.
ஆங்கிலம்: அலுவலக மெயில், அறிக்கை எழுதுவேன், கூட்டங்களில் பேசுவேன்.
இந்தி: மெதுவாகப் படிப்பேன், பேசிப் பழக்கமில்லை. மத்தியமா, 2014.

கேட்கும் வேலைக்குத் தேவையான மொழியை மேலே கொண்டுவாருங்கள். இங்கே கன்னடம் முதல் வரிக்குப் போக வேண்டும். ‘எழுதத் தெரியாது’ என்று போட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். போன் வேலைக்கு அது குறையே இல்லை; மெயில் வேலை என்றால் அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நட்சத்திரமோ 80% என்று நிரம்பிய பட்டையோ போடாதீர்கள். எதில் 80% என்று அது சொல்வதில்லை; படமாக இருந்தால் ரெஸ்யூமை வடிகட்டும் மென்பொருளுக்கும் அது கண்ணில் படாமல் போகலாம். லிங்க்ட்இனில் ஒரு மொழிக்கு ஒரே நிலையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பேச்சும் எழுத்தும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் அங்கே தாழ்ந்த நிலையைத் தேர்ந்தெடுத்து, பேச்சுத் திறனை அறிமுகப் பகுதியில் தனியாக எழுதுங்கள்.