யாரை முதலில் கூப்பிடுவது?

மாடுலர் கிச்சன் செய்து தருகிறேன். வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்களை வந்த வரிசைப்படியே கூப்பிடுவேன். "கிச்சன் 10க்கு 8, அடுத்த மாசம் கிரகப்பிரவேசம், எப்ப அளவெடுக்க வருவீங்க?" என்று கேட்டவரை இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். வேறிடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மனசே ஆறவில்லை.

இப்போது மதிப்பெண் போடுகிறேன். தேதி சொன்னால் 3, அளவோ படமோ அனுப்பினால் 3, கொட்டேஷனைப் பார்த்துத் திரும்பக் கேள்வி கேட்டால் 2. "பாத்துட்டு சொல்றேன்" என்றால் 0. ஒரு வாரம் பேச்சே இல்லையென்றால் 2 கழிப்பேன். 5 தாண்டியவருக்கு அன்றே போன். நீல டிக்குக்கு மதிப்பெண் இல்லை. பலர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

வெறும் "விலை என்ன?" என்பவரை ஒதுக்கிவிடக் கூடாது. "எப்ப வேணும்?" என்று கேட்பேன். "பொங்கலுக்குள்ள" என்று பதில் வந்தால் அவருக்கும் 3.