பாக்டீரியாவின் சர்க்கரை உறையை இந்தியன் இங்க்கில் பார்ப்பது எப்படி?

பெங்களூரில் மைக்ரோபயாலஜி சேர்ந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது கிளெப்சியெல்லா நிமோனியே. இது நோய்க்கிருமி. அதனால் கல்லூரி லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதலில் உறையின் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். கிருமி உடம்புக்குள் வந்ததும், ரத்தத்தில் உள்ள சி3பி என்ற புரதம் அதன்மேல் ஒட்டி அடையாளம் வைக்கும். வெள்ளை அணுக்கள் அந்த அடையாளத்தைப் பற்றித்தான் கிருமியை விழுங்கும். நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள கிருமிகளில் சி3பி உறைக்கு அடியில், செல் சுவரில் போய் ஒட்டிவிடுகிறது. சட்டையில் குத்திய பேட்ஜைக் கம்பளி போர்த்தி மறைத்தது மாதிரிதான். வெள்ளை அணுவின் பிடி அதுவரை எட்டாது. 1928-இல் கிரிஃபித் எலிகளில் சோதித்தபோது, உறையுள்ள நிமோகாக்கஸ் எலியைக் கொன்றது. உறை இழந்த வகை கொல்லவில்லை.

இனி செய்முறை. உறையில் பெரும்பகுதி தண்ணீர். சாதாரணச் சாயம் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் உறையை விட்டுவிட்டு, நுண்ணிய கரித்துகள் மிதக்கும் இந்தியன் இங்க்கால் சுற்றுப்புறத்தைக் கறுப்பாக்குகிறோம்.

ஸ்லைடில் இங்க் ஒரு சிறு சொட்டு வையுங்கள். 18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனியிலிருந்து லூப்பின் நுனியில் துளி எடுத்து அதில் கலக்குங்கள். காலனி கொழகொழவென்று நூலாக நீளும், கொஞ்சமே போதும். கவர்ஸ்லிப் போட்டு, மேலே ஃபில்டர் பேப்பரை வைத்து மெல்ல அழுத்துங்கள். இங்க் படலம் கரும்பழுப்பாக மெலிய வேண்டும். கட்டிக் கறுப்பாக இருந்தால் வெளிச்சமே வராது. 40 எக்ஸில் இடம் தேடி, பிறகு எண்ணெய் விட்டு 100 எக்ஸில் பாருங்கள்.

இங்க் துகள்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் தெளிவான வெள்ளை வளையம், அதற்குள் குட்டையான தடித்த கோல் தெரிந்தால் அதுதான் உறையுள்ள கிருமி. உள்ளே செல் இல்லாமல் விளிம்பு மட்டும் தடித்துக் கறுத்திருந்தால் அது காற்றுக்குமிழி.

ஸ்லைடை உலர்த்தியோ சூடுகாட்டியோ பார்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவேன். செல் சுருங்கிச் சுற்றிலும் இடைவெளி விழும். உறையில்லாத கிருமிக்கும் போலி வளையம் வந்துவிடும். பக்கத்தில் உறையில்லாத ஈ.கோலை கே-12 போட்ட ஸ்லைடு ஒன்றையும், வெறும் இங்க் ஸ்லைடு ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். முதலாவதில் வளையம் வரக்கூடாது. இரண்டாவதில் கிருமி தெரிந்தால் அந்த இங்க் பாட்டிலே கெட்டுவிட்டது, வேறு எடுங்கள்.

சூடுகாட்டாததால் ஸ்லைடில் கிருமி உயிரோடுதான் இருக்கும். வேலை முடிந்ததும் கழுவும் தொட்டியில் போடாமல், 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலில் போடுங்கள்.