டூட்டி அட்டவணையில் நேரம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபார்ட்மெண்ட் வாசலிலும் கம்பெனி கேட்டிலும் நிற்கும் செக்யூரிட்டிகளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர டூட்டிதான். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒருவர், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்னொருவர். அட்டவணை போடுபவர் இரண்டையும் '8-8' என்று எழுதிவிடுவார். எழுதியவருக்குப் புரியும். புதிதாகச் சேர்ந்தவருக்கும், வேறு சைட்டிலிருந்து ஒரு நாளைக்கு மாற்றாக வந்தவருக்கும் புரியாது.

சரி, ஏ.எம்., பி.எம். சேர்த்து எழுதினால் தீர்ந்துவிடுமா? முழுதாகத் தீராது. எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு முனையில் மட்டும் தவறு செய்தால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். காலை 6 முதல் மதியம் 2 வரை என்பதை '6 ஏ.எம். - 2 ஏ.எம்.' என்று எழுதினால் மொத்தம் 20 மணி நேரம் வரும். பார்த்தவுடனே ஏதோ இடிக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இரண்டு முனையையும் இடம் மாற்றி எழுதினாலும் மொத்தம் அதே 12தான். இரவுக்காரர் பகலுக்குப் போயிருப்பார். மொத்த மணி நேரமோ, மாதக் கடைசிச் சம்பளக் கணக்கோ எதுவுமே இதைப் பிடிக்காது. வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். இல்லாவிட்டால் யாருமே வராதபோது தெரியும். அதனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போடுபவர்கள் எண்ணோடு 'பகல்', 'இரவு' என்ற சொல்லையும் எழுதுவது நல்லது. இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது முரண்பட்டு நிற்கும்.

அடுத்தது பன்னிரண்டு மணி. '12 பி.எம்.' என்றால் நடுப்பகல், '12 ஏ.எம்.' என்றால் நள்ளிரவு. பொதுவான வழக்கம் இதுதான் என்றாலும், பி.எம். என்றாலே இரவு என்று நினைத்து, ராத்திரி பன்னிரண்டை '12 பி.எம்.' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, அட்டவணையில் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் மாறாமல் பார்த்துக்கொள்வது சுலபம். பல தொழிற்சாலைகளில் 6-2, 2-10, 10-6 என்று மூன்று ஷிப்ட் ஓடுகிறது. அதில் பன்னிரண்டு எந்த ஷிப்டுக்கும் எல்லை இல்லை என்பது ஒரு பெரிய வசதி. தவிர்க்கவே முடியாத இடத்தில் 'நள்ளிரவு 12', 'நடுப்பகல் 12' என்று எழுத்தில் எழுதிவிடலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை தேதி. 'செவ்வாய், நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் நினைத்தது கடிகாரக் கணக்கு: திங்கட்கிழமை முடிந்து செவ்வாய் பிறக்கும் அந்த நிமிடம். படித்தவர் நினைத்தது பேச்சு வழக்கு: செவ்வாய் முழுக்க முடிந்து வரும் ராத்திரி. நம் பேச்சில் விடியும் வரை அது முந்தைய நாளின் ராத்திரிதான். ஆக, ஒருவர் திங்கள் இரவு வந்திருக்க வேண்டியவர். செவ்வாய் இரவு வருகிறார். முதல் ராத்திரி யாரும் இல்லை, அடுத்த ராத்திரி இரண்டு பேர். ரயிலைத் தவறவிடுபவர்களுக்கு நடப்பதும் இதுதான். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:15 என்று இருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும்.

இதற்கு ஒரே விதி போதும்: ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதியின் கட்டத்தில் எழுத வேண்டும். நள்ளிரவைத் தாண்டினால் முடியும் தேதியையும் சேர்க்க வேண்டும். 'திங்கள் 22:00 முதல் செவ்வாய் 06:00 வரை' என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை. இது வெறும் வசதிக்காகச் சொல்வதும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 57ஆம் பிரிவில் இதே வழியில்தான் போனது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில், பன்னிரண்டுக்குப் பிறகு வேலை செய்த நேரம் முந்தைய நாளின் கணக்கில் சேரும். விடுமுறை நாள் என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். திங்கள் இரவு டூட்டி பார்த்துவிட்டுச் செவ்வாய் காலை ஆறு மணிக்கு வெளியே வருபவருக்குச் 'செவ்வாய் வீக் ஆஃப்' என்று போட்டுவிட்டு, அன்று ராத்திரி பத்து மணிக்கே மறுபடி கூப்பிட்டால் அவருக்குக் கிடைத்தது 16 மணி நேரம்தான். தாளில் ஆஃப் இருக்கும், ஆளுக்கு இருக்காது.

இருபத்துநான்கு மணி நேர முறைக்கு மாறினால் ஏ.எம்., பி.எம். குழப்பம் போய்விடும். ஆனால் அதற்கென்று சொந்தமாக வேறு தவறுகள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் 12ஐக் கழிப்பதற்குப் பதில் 10ஐக் கழித்துவிடுவார்கள். 18:00 என்பதை எட்டு மணியாகவும், 16:00 என்பதை ஆறு மணியாகவும் படிப்பார்கள். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பவர் சோம்பேறி என்று முடிவுகட்டுவதற்கு முன் அவர் எப்படிப் படித்தார் என்று கேட்டுப் பார்க்கலாம். புது ஆட்கள் இருக்கும் இடத்தில் அட்டவணையின் அடியில் '14:00 மதியம் 2, 18:00 மாலை 6, 22:00 இரவு 10' என்று ஒரு வரி போட்டால் போதும். இரண்டு முறையையும் கலந்து '20:00 பி.எம்.' என்று எழுதுவதும், ஒரு வரியில் 20:00, அடுத்த வரியில் 8:30 என்று விடுவதும் வேண்டாம். அந்த 8:30 காலையா இரவா என்ற கேள்வி மறுபடி வந்துவிடும். காலை என்றால் 08:30 என்று முன்னால் பூஜ்ஜியம் போட்டு எழுதுங்கள்.

அட்டவணையை எக்செலில் போடுபவர்களுக்கு இன்னும் சில குழிகள் இருக்கின்றன. `8-8` என்று தட்டினால் எக்செல் அதை ஆகஸ்ட் 8 என்று தேதியாக்கிவிடும். `8:00pm` என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் அது நேரமாக ஏறாது, வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நாம் வழக்கமாகப் புள்ளி வைத்து எழுதும் `8.30` இன்னும் மோசம். அது எட்டரை மணி இல்லை, 8.3 என்ற எண். 14.15லிருந்து 8.30ஐக் கழித்தால் 5.85 என்று வரும். உண்மையில் வேலை செய்தது 5 மணி 45 நிமிடம். எனவே தொடக்கம் ஒரு கட்டம், முடிவு இன்னொரு கட்டம், நடுவில் புள்ளி இல்லாமல் முக்காற்புள்ளி.

இரவு ஷிப்டில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க ##### என்று நிற்கும். தொடக்கம் A2, முடிவு B2 என்றால் இப்படி எழுதலாம்:

```
=MOD(B2-A2,1)*24
```

இந்தக் கட்டத்தின் வடிவத்தை `General` என்று வைத்தால் 20:00 முதல் 08:00 வரைக்கு 12 என்று காட்டும். ஆள் வராததால் ஒருவரே தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்ற நாளில், அதாவது 20:00 முதல் மறுநாள் 20:00 வரை நின்றிருந்தால், இதே கணக்கு 0 என்று சொல்லும். அவருக்குத்தான் அன்று கூடுதல் சம்பளம் சேர வேண்டும். அப்படிப்பட்ட நாளை ஒரே வரியில் எழுதாமல் இரண்டு ஷிப்டாகப் பிரித்து இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.