6 மாத விடுப்பு, 16 மாத நீட்டிப்பு

வேலை போனதால் பெங்களூருவில் வீட்டுக்கடனை மறுசீரமைக்கக் கேட்டேன். 6 மாதம் தவணை வேண்டாம், அப்புறம் அதே 25,335 ரூபாய் என்றது வங்கிக் கடிதம். ஆனால் கடைசித் தவணைத் தேதி 16 மாதம் தள்ளிப்போயிருந்தது. கிளையிலும் வாடிக்கையாளர் சேவையிலும் நான்கு நாள் போனது, பதில் வரவில்லை.

மாதவாரி அட்டவணையை எழுதிக் கேட்டு வாங்கியதும் புரிந்தது. 20 லட்சம் பாக்கிக்கு 9% வட்டி. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, ஏழாம் மாதம் பாக்கி 20,91,704. இதை அடைக்க எத்தனை தவணை ஆகும் என்று எக்செலில் போட்டேன்:

```
=NPER(9%/12,-25335,2091704)
```

விடை 129.2. மீதி 120 தவணை 130 ஆகிறது. விடுப்பு 6 மாதம் தனி. கூடுதல் செலவு சுமார் 2.3 லட்சம்.

அந்த 6 மாதமும் வட்டி 15,000 மட்டும் கட்டுகிறேன் என்றேன், திருத்திக் கொடுத்தார்கள். நீட்டிப்பு 6 மாதத்தோடு நின்றது. சிபில் அறிக்கையில் 'Restructured' என்ற குறிப்பு மட்டும் இதிலும் வரும். அதைத் தெரிந்தேதான் கையெழுத்திட்டேன்.